ஒரு படமா, ஆயிரம் படமா: முகமாற்று மாடல்களின் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

வீடியோவில் ஒருவரின் முகத்துக்குப் பதிலாக இன்னொருவரின் முகத்தைப் பொருத்தும் முகமாற்று வேலையில் அடிக்கடி கேட்கும் புலம்பல்கள் இரண்டு. "இருபது நல்ல போட்டோ கொடுத்து மூன்று நாள் ஓடவிட்டேன், முகம் பொம்மை மாதிரி உறைந்து நிற்கிறது" என்பது ஒன்று. "ஒரு போட்டோவுக்குப் பதிலாக ஐம்பது கொடுத்துப் பார்த்தேன், கொஞ்சம்கூட முன்னேற்றம் இல்லை" என்பது மற்றொன்று. இதற்கு இரண்டு வகை மாடல்கள் இருக்கின்றன. ஒரே போட்டோவை வைத்து உடனே வேலை செய்யும் ஒற்றைப் பட மாடல் ஒன்று, ஆயிரக்கணக்கான படங்களைக் கொடுத்து நாமே பயிற்றுவிக்கும் ஆட்டோஎன்கோடர் மற்றொன்று. இரண்டு புலம்பலுக்கும் காரணம் ஒன்றுதான். படம் எந்த மாடலுக்குள் எப்படிப் போகிறது என்று தெரியாமல், ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்திருக்கிறோம்.

நான் சமீபத்தில் ஒரு குறும்படத்துக்காகச் செய்த வேலையை வைத்தே இதைச் சொல்கிறேன். நாயகனுக்குப் பதிலாக ஒரு டூப் படிக்கட்டில் உருண்டு விழுகிறார். டூப்பின் முகத்தில் நாயகனின் முகம் வர வேண்டும். இரண்டு பேரும் எழுத்தில் சம்மதம் கொடுத்திருந்தார்கள். அது கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. காட்சியில் இரண்டு ஷாட். முதல் ஷாட் தூரத்திலிருந்து எடுத்தது, முகத்தின் உயரம் 110 பிக்சல்தான். இரண்டாவது நெருக்கமானது, முகம் 700 பிக்சல் உயரம். அதில் டூப் தலையை நன்றாகப் பக்கவாட்டில் திருப்பிக் கத்துகிறார்.

முதலில் பார்க்க வேண்டியது: படம் உள்ளே எங்கே போகிறது?

பெரும்பாலான ஒற்றைப் பட மாடல்களில், நீங்கள் கொடுக்கும் போட்டோவின் பிக்சல்கள் முகத்தை வரையும் பகுதிக்குள் போவதே இல்லை. பலரைக் குழப்புவது இதுதான். `inswapper_128` என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் முகத்தைக் கண்டுபிடித்து, 112×112 அளவுக்கு நேராக வெட்டி, ஆர்க்ஃபேஸ் வகை முக அடையாள மாடலுக்குக் கொடுக்கிறார்கள். அது 512 எண்களைத் திருப்பித் தருகிறது. வரையும் பகுதிக்குக் கிடைப்பவை இரண்டுதான்: டூப்பின் முகத்தை வெட்டிய 128×128 படம், அப்புறம் இந்த 512 எண்கள். போட்டோ ஐந்து எம்பி இருந்தாலும் ஐம்பது எம்பி இருந்தாலும், உள்ளே போவது சுமார் இரண்டு கிலோபைட்.

இரண்டு கிலோபைட்டை வைத்து ஒரு மனிதரின் முகத்தை வரைய முடிகிறது என்றால், மீதி எல்லாவற்றையும் அந்த மாடல் முன்பே கற்றிருக்க வேண்டும். அப்படித்தான் கற்றிருக்கிறது. உதாரணமாக, 2020-இல் வந்த சிம்ஸ்வாப் என்ற இன்னொரு ஒற்றைப் பட மாடல் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட விஜிஜிஃபேஸ்2 தொகுப்பில் 9,131 பேரின் 33 லட்சம் படங்கள் இருக்கின்றன. முகம் பக்கவாட்டில் திரும்பினால் மூக்கு எப்படி மறைக்கும், மேலிருந்து வெளிச்சம் வந்தால் கண்குழியில் நிழல் எப்படி விழும் என்பதையெல்லாம் மற்றவர்களின் முகங்களிலிருந்து அது கற்றுக்கொண்டது. நம் போட்டோ அந்தப் பெரிய முகவெளியில் "இந்த இடம்" என்று சுட்டிக்காட்டும் விரல் மட்டுமே.

ஆட்டோஎன்கோடர் நேர் எதிர். அதற்குப் பொதுவான முக அறிவு எதுவும் கிடையாது. ஒரே என்கோடர், இரண்டு டிகோடர் என்பதுதான் பழைய அமைப்பு. நாயகன் முகம், டூப் முகம் இரண்டையும் ஒரே என்கோடர் சுருக்குகிறது. நாயகனின் முகத்தைத் திரும்ப வரைய ஒரு டிகோடர், டூப்பின் முகத்தை வரைய இன்னொன்று. பயிற்சியில் ஒவ்வொரு முகத்தையும் சற்று நெளித்துக் கொடுத்து, நெளிக்காத முகத்தை வரையச் சொல்கிறோம். இந்தப் பயிற்சிக்கான டீப்ஃபேஸ்லேப் மென்பொருளில் `random_warp` என்று இருப்பது இந்த நெளிப்புதான். நாளடைவில் நாயகனின் டிகோடர், நெளிந்து வரும் எதையும் நாயகனின் முகமாக நேராக்கப் பழகிவிடுகிறது. கடைசியில் டூப்பின் முகத்தைச் சுருக்கி அந்த டிகோடருக்குக் கொடுத்தால், அதையும் நெளிந்த நாயகன் முகமாகவே எடுத்துக்கொண்டு நேராக்குகிறது. முகமாற்றம் நடப்பது அந்த இடத்தில்.

ஆக, நாயகனின் இடது பக்கத் தோற்றம், கத்தும் வாய், கீழ்நோக்கிய கண் எல்லாமே அந்த டிகோடரின் எடைகளுக்குள் எழுதப்பட வேண்டும். காட்டாதது அதற்குத் தெரியாது. ஆயிரக்கணக்கில் படம் கேட்பது இதனால்தான்.

இனி அறிகுறிகள்.

அறிகுறி 1: ஆட்டோஎன்கோடரில் முகம் உறைந்து நிற்கிறது, வாய் அசைவதில்லை

என் முதல் முயற்சியில் வந்தது இதுதான். ஸ்டில் போட்டோகிராபர் கொடுத்த நாயகனின் 12 படங்களும், இரண்டாவது ஷாட்டிலிருந்து எடுத்த டூப்பின் 400 சொச்ச முகங்களும் இருந்தன. இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரையில் இப்படி ஒரு வரி:

```
[07:12:40][#061300][0385ms][0.0871][0.2604]
```

கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது நாயகன் பக்க லாஸ், அதாவது திரும்ப வரைந்ததில் உள்ள பிழையின் அளவு; இரண்டாவது டூப் பக்க லாஸ். நாயகன் பக்கம் மிகக் குறைவாக இருப்பதைப் பார்த்து நன்றாகக் கற்றிருக்கிறது என்று சந்தோஷப்படுவது இயல்பு. உண்மையில் அது மனப்பாடம். 12 படங்களை எப்படியும் ஒப்பித்துவிடலாம்.

உறுதி செய்துகொள்ள ப்ரிவ்யூ ஜன்னலைப் பாருங்கள். அதில் ஐந்து பத்திகள் வரும்: நாயகன், திரும்ப வரைந்த நாயகன், டூப், திரும்ப வரைந்த டூப், கடைசியில் மாற்றிய முகம். எனக்கு இரண்டாவது பத்தி கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. கடைசிப் பத்தியில், டூப் வாயைத் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒரே மென்புன்னகை. அந்த 12 படங்களில் எட்டில் நாயகன் அப்படித்தான் சிரித்திருந்தார்.

இரண்டாவது பத்தி தெளிவு, ஐந்தாவது பத்தி உறைவு என்றால் நாயகன் பக்கம் படம் போதவில்லை என்று பொருள். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு பேரையும் ஒரே என்கோடர் படிப்பதால், "வாய் இவ்வளவு திறந்திருக்கிறது" என்பதற்கு இருவருக்கும் பொதுவான ஒரு மொழி உருவாக வேண்டும். நாயகன் பக்கம் 12 படம் மட்டும் இருந்தால் பொது மொழி தேவைப்படாது. ஸ்டுடியோ வெளிச்சத்தைப் பார்த்தே "இது நாயகன், மூன்றாவது படம்" என்று என்கோடர் அடையாளம் கண்டுவிடும். டூப்பின் கத்தும் முகத்துக்கான குறியீடு நாயகனின் டிகோடருக்கு அந்நியமாகப் போய்விடும். அப்போது அது தனக்குத் தெரிந்ததில் மிக நெருக்கமானதைத் துப்புகிறது.

இதற்கு அமைப்புகளை மாற்றிப் பயனில்லை, இன்னும் ஒரு லட்சம் இட்டரேஷன் ஓட்டினாலும் பயனில்லை. ஓட்ட ஓட்ட மனப்பாடம்தான் இறுகும். புதுப் படங்கள் வேண்டும்.

அறிகுறி 2: ஆயிரக்கணக்கில் படம் கொடுத்தும் பக்கவாட்டில் முகம் உருகுகிறது

சரி, படம் வேண்டும் என்று தெரிந்ததும் நான் செய்த அடுத்த தவறு. நாயகன் உட்கார்ந்து பேசும் நான்கு நிமிட வீடியோ ஒன்று கிடைத்தது. நொடிக்கு 25 ஃபிரேம், 240 நொடி. மொத்தம் 6,000 முகங்கள். கோப்புறையைப் பார்க்கவே நிறைவாக இருந்தது.

பயிற்சி ஓடியது. நேர் முகம் அருமையாக வந்தது, வாயும் அசைந்தது. டூப் தலையைத் திருப்பிய இடத்தில் மட்டும் மூக்கு கன்னத்தோடு உருகி, தூரத்துக் கண் கேமராவைப் பார்த்தபடியே நின்றது.

இங்கே ஏமாற்றுவது எண்ணிக்கை. அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. அதற்குள் முகத்தில் என்ன மாறிவிடும்? 6,000 என்று தெரிந்தாலும் உண்மையில் சில நூறு படம்தான். அதுவும் ஒரே நாற்காலி, ஒரே விளக்கு.

இதைச் சோதிக்க, டீப்ஃபேஸ்லேப்பின் `data_src sort`-இல் `face yaw direction` கொடுத்து, முகம் திரும்பிய கோணப்படி வரிசைப்படுத்துங்கள். பிறகு கோப்புறையைச் சிறுபடங்களாக வைத்து மேலிருந்து கீழே மெதுவாக உருட்டிப் பாருங்கள். இடப்பக்கம் முழுதாகத் திரும்பிய முகத்தில் தொடங்கி, நேராகி, வலப்பக்கம் போய் முடிய வேண்டும். என் கோப்புறை ஏறக்குறைய நேர் முகத்திலேயே தொடங்கி நேர் முகத்திலேயே முடிந்தது. ஒரு பக்கம் பாதி திரும்பிய முகம் முப்பது சொச்சம். மறுபக்கம் ஒன்றுகூட இல்லை. டூப் திரும்பியது அந்த மறுபக்கம்.

இரண்டு குறுக்குவழிகள் கண்ணில் படும். `Uniform yaw distribution of samples` என்ற தேர்வு, அரிதான கோணங்களைப் பயிற்சியில் அடிக்கடி காட்டும். முப்பது படம் இருக்கும் பக்கத்துக்கு இது உதவும். ஒன்றும் இல்லாத பக்கத்துக்கு எதைக் காட்டும்? இரண்டாவது, முகத்தை இடம் வலமாகப் புரட்டிக் காட்டுவது. வெற்று இடம் நிரம்பும், ஆனால் யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. நாயகனுக்கு வலக் கன்னத்தில் ஒரு மச்சம். புரட்டியதும் இரண்டு கன்னத்திலும் மங்கலாக ஒவ்வொன்று முளைத்தது.

கடைசியில் செய்தது மிகவும் எளிது. நாயகனை வரவழைத்து இருபது நிமிடம் படம் பிடித்தோம். தலையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்பச் சொன்னோம், மேலும் கீழும் பார்க்கச் சொன்னோம். ஒவ்வொரு நிலையிலும் வாயை மூடியும் திறந்தும், கத்தியும், கண்ணை இறுக்கியும் காட்டினார். விளக்கை மூன்று இடங்களுக்கு மாற்றி இதையே திரும்பச் செய்தோம். நொடிக்கு நான்கு ஃபிரேம் மட்டும் எடுத்தேன். மங்கலானவற்றைக் கழித்த பிறகு 3,900 மிஞ்சியது. பழைய 6,000-இல் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை, ஆனால் பக்கவாட்டு முகம் உருகாமல் நின்றது இதில்தான். "எத்தனை படம்" என்ற கேள்வியை விட, இலக்கு ஷாட்டில் வரும் கோணம், வெளிச்சம், வாய் நிலை ஒவ்வொன்றுக்கும் ஈடாக மூலத்தில் ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விதான் பயன்படுகிறது.

அறிகுறி 3: ஒற்றைப் பட மாடலில் "ஜாடை இருக்கிறது, ஆள் அவரில்லை"

முதல் ஷாட்டுக்கு ஒற்றைப் பட மாடலைப் பயன்படுத்தினேன். ஒரே படம், சில நிமிடங்களில் வேலை முடிந்தது. தூரத்து முகம் என்பதால் குறையே தெரியவில்லை. அதே மாடலை இரண்டாவது ஷாட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. அண்ணன் தம்பி ஜாடை. மச்சம் இல்லை.

அந்த 512 எண்கள் எதற்காக உருவானவை என்று யோசித்தால் காரணம் புரியும். முக அடையாள மாடலின் வேலை, ஒருவர் சிரித்தாலும் முறைத்தாலும், வெயிலில் நின்றாலும் நிழலில் நின்றாலும் அவரை அவராகவே சொல்வது. அதனால் மாறக்கூடிய எல்லாவற்றையும் உதறத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். வெளிச்சம், முகபாவத்தோடு தோலின் நுண் விவரமும் பெரும்பாலும் கழிந்துவிடும். 112×112 படத்தில் ஒரு சின்ன மச்சம் ஒரு பிக்சல் இருக்குமா என்பதே சந்தேகம்.

முதலில் போட்டோ சரியானதா என்று பாருங்கள். ஒரே ஆளின் இரண்டு படங்களின் வெக்டர்களை, அதாவது அந்த 512 எண்களின் வரிசைகளை, ஒப்பிட்டால் தெரிந்துவிடும்:

```python
import cv2, numpy as np
from insightface.app import FaceAnalysis

app = FaceAnalysis(name="buffalo_l")
app.prepare(ctx_id=0, det_size=(640, 640))

def vec(path):
    return app.get(cv2.imread(path))[0].normed_embedding

print(np.dot(vec("a.jpg"), vec("b.jpg")))
```

ஒரே ஆளின் நல்ல படங்கள் என்றால் எண் 0.5-க்கு மேலே வருவது வழக்கம். வேறு ஆட்கள் என்றால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். என் 12 படங்களில் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றோடும் 0.35 அளவில் நின்றது. நாயகன் குனிந்து பார்க்கும் படம் அது, நெற்றியில் முடி விழுந்திருந்தது. அழகான படம்தான், முகமாற்றத்துக்கு உதவாது. படத்தில் இரண்டு பேர் இருந்தால் `[0]` யாரைப் பிடிக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஐம்பது படம் கொடுத்தால் என்ன ஆகும்? அவற்றின் வெக்டர்களைச் சராசரி எடுக்கலாம்:

```python
files = ["a.jpg", "b.jpg"]
m = np.mean([vec(p) for p in files], axis=0)
face = app.get(cv2.imread("best.jpg"))[0]
face.embedding = m
```

ஒரு படத்தின் தற்செயல் கோணம், வெளிச்சத்தால் வந்த சாய்வு இதில் குறையும். என் அனுபவத்தில் ஐந்தாறு நல்ல படங்களோடு பலன் நின்றுவிடுகிறது. ஏனென்றால் ஐம்பது படம் கொடுத்தாலும் உள்ளே போவது அதே 512 எண்கள்தான். சுட்டும் விரல் கொஞ்சம் துல்லியமாகிறது, அவ்வளவே. மச்சம் அதில் வராது.

அறிகுறி 4: சிரிக்கும் படம் கொடுத்தேன், சிரிப்பு வரவில்லை

வராது. முகபாவம், தலை திரும்பிய கோணம், வெளிச்சம் மூன்றும் இலக்கு வீடியோவிலிருந்து வருகின்றன. தாடை விளிம்பும் நெற்றி அகலமும்கூடப் பெரும்பாலும் டூப்புடையதே. இது கோளாறு இல்லை, மாடலை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். நாயகன் ஒல்லி, டூப் உருண்டை முகம் என்றால் படத்தை மாற்றிப் பயனில்லை, டூப்பை மாற்ற வேண்டும். ஆட்டோஎன்கோடரிலும் வெட்டி ஒட்டும் பகுதிக்கு வெளியே டூப்பின் தலைதான் இருக்கும்.

அறிகுறி 5: நெருக்க ஷாட்டில் முகம் மட்டும் மங்கல்

கணக்கைப் போட்டால் போதும். மாடல் வரைவது 128×128. என் இரண்டாவது ஷாட்டில் முகம் 700 பிக்சல். ஐந்து மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். மூலப் படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இது மாறாது, ஏனென்றால் அந்தக் கூர்மை உள்ளே போகவே இல்லை. முதல் ஷாட்டில் 110 பிக்சல், அதனால் பிரச்சினையே எழவில்லை.

ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் போன்ற முக மீட்பு மாடல்களை மேலே ஓட்டினால் கூர்மை வரும். ஆனால் அவை வரைவது நாயகனின் தோலை அல்ல, தாங்கள் கற்ற முகங்களின் தோலை. அதோடு ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக வரைவதால் கண் இமையும் பற்களும் ஃபிரேமுக்கு ஃபிரேம் லேசாகத் துடிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஃபிரேமை நிறுத்திப் பார்க்காதீர்கள், நிறுத்தினால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஓட்டத்தில் வாயோரத்தை மட்டும் பத்து நொடி கவனியுங்கள்.

அதனால்தான் இரண்டாவது ஷாட்டை ஆட்டோஎன்கோடருக்கே விட்டேன். அது வரையும் முகத்தின் அளவை நாமே தீர்மானிக்கலாம். 256 வைத்தேன். கிராபிக்ஸ் கார்டின் மெமரி அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை.

அறிகுறி 6: மற்றவர்கள் சில நூறு படத்தில் முடிக்கிறார்கள், எனக்கு மட்டும் ஆயிரங்கள் ஏன்?

அவர்கள் பெரும்பாலும் முன்பயிற்சி பெற்ற மாடலிலிருந்து தொடங்கியிருப்பார்கள். டீப்ஃபேஸ்லேப்பில் `pretrain` என்ற தேர்வு உண்டு. நாயகன், டூப் யாரையும் காட்டுவதற்கு முன், வேறு பலரின் முகத் தொகுப்பில் மாடலை ஓட்டுவது அது. ஒற்றைப் பட மாடல் லட்சக்கணக்கான படங்களில் கற்றதை, இந்த என்கோடரும் சிறிய அளவில் கற்றுக்கொள்கிறது. கண் என்றால் என்ன, திரும்பிய முகம் எப்படி இருக்கும் என்ற அடிப்படை வந்த பிறகு, நாயகனின் படங்கள் நாயகனைப் பற்றி மட்டும் சொன்னால் போதும்.

நான் அந்த 3,900 படங்களைக் கலைத்துப் போட்டு 800 மட்டும் எடுத்து, முன்பயிற்சி பெற்ற மாடலில் ஓட்டிப் பார்த்தேன். கோணங்கள் எல்லாம் அதில் இருந்தன. முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சி நேரமும் பாதிக்குக் கீழே வந்தது. ஆனால் மறுபக்கத் தோற்றங்களை மட்டும் வேண்டுமென்றே நீக்கிவிட்டு ஓட்டியபோது, முகம் உருகவில்லை என்றாலும், அந்தப் பக்கம் திரும்பியது நாயகன் இல்லை. முறையான ஒரு முகம்தான் அது, யாருடையது என்று மட்டும் சொல்ல முடியவில்லை. 3,900 படங்களையும் வைத்து ஓட்டியதைத்தான் கடைசியில் படத்தில் சேர்த்தோம். மச்சம் வலக் கன்னத்தில் மட்டும் இருந்தது.